முறுக்கு வேண்டாம்... கதவை பலமா தட்டவும்!

கல்ச்சுரல்ஸ் நோட்டீஸ் போர்டுல 'ஆட் மேக்கிங்'னு பார்த்ததும் பேர் கொடுத்துட்டீங்க. டாபிக் சீட்டை எடுத்துப் பிரிச்சா, 'ஸ்வீட் கடை தீபாவளி பாக்ஸை டெலிவரி பண்ணப் போகும் ரைடர், 60 நொடி, கதையாகச் சொல்லவும்'னு இருக்கு. டீம்ல நாலு பேர், கேன்டீன்ல அஞ்சு டீ. அரை மணி நேரத்துல ஒரு கதை ரெடி!

அந்தக் கதை என்னன்னு நாங்க சொல்லட்டுமா? கொட்டுற மழை. ரைடர் பைக்ல பறக்கிறார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறார். தனியா இருக்கிற ஒரு வயசான அம்மா. பையன் அமெரிக்காவுல. அம்மா அழுறாங்க, ரைடரும் அழுறார், பாக்ஸைத் திறந்து ஆளுக்கொரு ஸ்வீட் சாப்பிடறாங்க. பின்னாடி வயலின். 'உறவுகளை இணைக்கும் இனிப்பு'ன்னு கடைசியில கனமா ஒரு குரல். சரியா?

கவலைப்படாதீங்க, பக்கத்து டேபிள் டீமும் இதையேதான் எழுதிக்கிட்டு இருக்கு. இந்தக் கதையில ஓட்டை எங்கேன்னு பார்ப்போம். அப்புறம் அதே டாபிக்கை வெச்சு ஒரு கதையை முதல் ஷாட்ல இருந்து கடைசி ஷாட் வரைக்கும் கட்டிப் பார்ப்போம்.

மிக்ஸி டெஸ்ட்

நீங்க எழுதின கதையில 'ஸ்வீட் பாக்ஸ்'னு வர்ற இடத்தை எல்லாம் அடிச்சுட்டு 'மிக்ஸி'ன்னு எழுதிப் பாருங்க. மழையில ரைடர் மிக்ஸி கொண்டு வர்றார், அம்மா அழுறாங்க, பையன் அமெரிக்காவுல. கதை அப்படியே ஓடுதா? அப்ப அது ஸ்வீட் கடை விளம்பரம் இல்லை. பார்க்கிறவங்க 'நல்லா இருந்துச்சு'ம்பாங்க. எந்தக் கடைன்னு கேட்டா முழிப்பாங்க.

டெஸ்ட்ல பாஸ் ஆன விளம்பரத்துக்கு ஒரு உதாரணம், 2019 ஹோலி சமயத்துல வந்த சர்ஃப் எக்ஸெல் விளம்பரம். சைக்கிள்ல வர்ற ஒரு குட்டிப் பொண்ணு, தெருப் பசங்க வீசுற கலரை எல்லாம் தானே வாங்கிக்கிறா. கலர் தீர்ந்து போனதும், தொழுகைக்குப் போக வேண்டிய நண்பனை வெள்ளை டிரெஸ்ல ஒரு பொட்டுக் கறை படாம சைக்கிள்ல கூட்டிட்டுப் போறா. அந்த விளம்பரத்தைச் சுத்தி அப்ப பெரிய சண்டையே நடந்துச்சு, அது வேற விஷயம். நமக்கு வேண்டியது இதுதான்: அந்தக் கதையில இருந்து கறையை எடுத்துட்டா கதையே கிடையாது. கறைதான் சோப்புத் தூளோட பிழைப்பு. பொருளும் கதையும் ஒண்ணா பின்னிக் கிடக்கு.

நம்ம பாக்ஸுக்கு அந்த மாதிரி ஒரு பிடி வேணும். அது கேன்டீன்ல கிடைக்காது, கடை கவுன்ட்டர்லதான் கிடைக்கும். தீபாவளி நேரத்துல ஏதாவது ஒரு ஸ்வீட் கடையில ஒரு மணி நேரம் ஓரமா நின்னு காதைக் கொடுங்க. 'முந்திரி கேக் வேணாம், அதுக்குப் பதிலா மைசூர்பாகு வைங்க', 'பாட்டிக்கு பல்லு இல்லை, கடிக்கிற மாதிரி எதுவும் வேணாம்', 'பையன் லட்டு மட்டும்தான் தொடுவான்'னு ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எல்லா பாக்ஸும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வீட்டுக்கு வீடு மாறும்.

நம்ம பிடி இதுதான்! வாங்குறவருக்குப் பிடிச்சதைத் தெரிஞ்சு வெச்சு அனுப்பின பாக்ஸைத் திறந்தா, அனுப்பினது யாருன்னு சொல்லாமலே தெரிஞ்சுடும். மிக்ஸிக்கு இது பொருந்தாது. மிக்ஸியைத் திறந்தா பிளேடுதான் தெரியும்!

காசு கொடுத்தவர் எங்கே?

டெலிவரி விளம்பரம் எழுதுற பல பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. ஸ்க்ரீன்ல ரைடர் இருக்கார், வாங்குறவர் இருக்கார். ஆனா கடைக்குக் காசு கொடுத்தவர்? அவர் ஃப்ரேம்லயே இல்லை. பெங்களூர்லயோ துபாய்லயோ உட்கார்ந்திருக்கார். விளம்பரத்தைப் பார்த்துட்டு அடுத்த ஆர்டர் போடப் போறவரும் அவர்தான். அதனால கதை அவரைப் பத்திப் பேசணும்.

ரைடர் இந்த டாபிக்குக்கு ஏன் பொருத்தம்னு இப்ப புரியுதா? அனுப்பினவரோட கை அவர். ஆனா அவருக்கு ரெண்டு பக்கமும் தெரியாது. கையில இருக்கிறது ஒரு அட்ரஸ் சீட்டு. பார்க்கக் கிடைக்கிறது வாசல், அதுவும் அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துல ஒரு குடும்பத்தை அவர் புரிஞ்சுக்கறார், அவரோட சேர்ந்து நாமும் புரிஞ்சுக்கறோம். வீட்டுக்குள்ள கேமராவைக் கொண்டு போய் ஃப்ளாஷ்பேக் எடுத்தீங்கன்னா இந்தச் சுவாரஸ்யம் போச்சு. வாசலைத் தாண்டாதீங்க.

ஒரு பழைய பாடம்

ரைடரைக் கதாநாயகன் ஆக்கும்போது ஒரு பள்ளம் இருக்கு. பெரிய கம்பெனியே அதுல கால் விட்டிருக்கு. 2021 ஆகஸ்ட்ல ஜொமாட்டோ ரெண்டு விளம்பரம் விட்டுச்சு. ஒண்ணுல ஹ்ரித்திக் ரோஷன், இன்னொண்ணுல காத்ரினா கைஃப். மழையில நனைஞ்சு வந்து டெலிவரி கொடுக்கிற ரைடரைப் பார்த்து, ஹ்ரித்திக் செல்ஃபி எடுக்க நில்லுன்னு சொல்றார். காத்ரினா பிறந்தநாள் கேக் தர்றேன் இருன்னு சொல்றார். ரெண்டு பேருக்குமே அடுத்த ஆர்டர் வந்துடுது. நிக்காம கிளம்பிடறாங்க. எங்களுக்கு எல்லா கஸ்டமரும் ஸ்டார்தான்னு கருத்து.

கம்பெனி எதிர்பார்த்தது கைத்தட்டல். கிடைச்சது திட்டு. 'ஒரு கேக் துண்டு சாப்பிட ஒரு நிமிஷம் கூட இல்லாத வேலையை வெச்சுட்டு, அதையே பெருமையா காட்டுறீங்களா?'ன்னு இணையத்துல வறுத்தெடுத்தாங்க. ரைடர்களை மரியாதையா காட்டத்தான் எடுத்தோம், இது ஆறு மாசத்துக்கு முன்னாடியே யோசிச்ச விளம்பரம்னு கம்பெனி அறிக்கை விட வேண்டியதாச்சு.

இதுல நமக்கு என்ன பாடம்? ரைடரோட கஷ்டத்தைக் காட்டுறதுல தப்பில்லை. அந்தக் கஷ்டத்துக்குக் காரணமான முதலாளியே அதைத் தன்னோட பெருமையா விக்கிறதுதான் உறுத்துது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஊரே வீட்டுல இருக்கும்போது ஒருத்தர் மட்டும் ரோட்டுல இருக்கார். 'பாருங்க, எங்க ஆள் எவ்வளவு உழைக்கிறார்'னு கடை சொன்னா, பார்க்கிறவங்க மனசுல உடனே வர்ற கேள்வி, 'சரி, நீ அவருக்கு என்ன பண்ணினே?'ங்கறதுதான். உங்க கதை முடியறதுக்குள்ள அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வந்தாகணும்.

இன்னொரு பாடம் நம்ம மதுரையில. 2018 டிசம்பர்ல, ரோட்டோரம் வண்டியை நிறுத்தின ஒரு ரைடர் கஸ்டமர் பார்சலைப் பிரிச்சு சாப்பிட்டுட்டு, திரும்ப மூடி வைக்கிற வீடியோ நாடு முழுக்கப் பரவுச்சு. அதுக்கப்புறம் பிரிச்சா தெரியற மாதிரி டேப் ஒட்டுறோம்னு கம்பெனி அறிவிச்சுது. அதனால உங்க கதையில எவ்வளவு சென்டிமென்ட் இருந்தாலும் சரி, ரைடர் அடுத்தவங்க பாக்ஸைத் திறக்கக் கூடாது. ஏழைக் குழந்தைக்கு ஒண்ணு எடுத்துக் கொடுத்தார்ங்கற 'டச்சிங்' சீனும் வேண்டாம். பார்க்கிறவங்களுக்குக் கண்ணீர் வராது, 'நம்ம பாக்ஸும் இப்படித்தான் வருதோ?'ன்னு சந்தேகம் வரும்.

சரி, கதை கட்டுவோம்

ஊர் திருச்சி. தெப்பக்குளம் பக்கத்துல ஒரு ஸ்வீட் கடை. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம். ரைடருக்கு செந்தில்னு பேர் வைப்போம். முப்பது வயசு, கடையோட சொந்த ஆள். இது முக்கியம். ஆப் கம்பெனி ரைடரா இருந்தா அவருக்கு அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும்னு கடைக்காரருக்கே தெரியாது. கடை ஆளா இருந்தாதான், அவர் விஷயத்துல முதலாளி ஒரு முடிவு எடுக்க முடியும்.

*முதல் 8 நொடி. கவுன்ட்டர்.* ஒரே கூட்டம். பாக்ஸ் கட்டுற கைகள், சணல் கயிறு, ஒவ்வொரு பாக்ஸ் மேலயும் கையால எழுதின சீட்டு. செந்தில் காத்திருக்கும்போது அவர் கண்ணு கண்ணாடிக்குள்ள இருக்கிற ஜாங்கிரித் தட்டு மேல ஒரு நொடி நிக்குது. முதலாளி அதைப் பார்க்கிறார். எதுவும் சொல்லலை. மூணு பாக்ஸை அடுக்கிக் கையில கொடுத்து, "செந்திலு, மேல இருந்து வரிசையா கொடுத்துட்டு வா"ங்கறார். "சரிங்கண்ணே."

*8-ல இருந்து 20 வரை. சிந்தாமணி, ஒரு ஃப்ளாட்.* மேல இருக்கிற சீட்டு க்ளோஸ்-அப்: 'ஒரு கிலோவும் லட்டு மட்டும்.' செந்தில் சிரிச்சுக்கிட்டே பெல் அடிக்கிறார். ஏழு வயசுப் பையன் கதவைத் திறக்கிறான். கயிறைத் தளர்த்தி எட்டிப் பார்க்கிறான். கண்ணு விரியுது. ரகசியமா, "தாத்தாவா?" செந்தில் தலையை ஆட்டறார். உள்ளே இருந்து அம்மா குரல்: "யாருடா அது?" பையன் பாக்ஸை முதுகுக்குப் பின்னாடி மறைச்சு, "யாரும் இல்லைம்மா!" கதவு மூடுது.

*20-ல இருந்து 38 வரை. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம், திண்ணை வெச்ச பழைய வீடு.* ரெண்டாவது சீட்டு: 'முறுக்கு வேண்டாம். கதவை பலமா தட்டவும்.' செந்தில் தட்டறார். இன்னும் பலமா தட்டறார். தாத்தா வர்றார், பின்னாடியே பாட்டி. தாத்தா பாக்ஸைத் திறந்து பார்த்துட்டு, காது கேக்காதவங்களுக்கே உள்ள சத்தத்துல, "முறுக்கை வைக்க மறந்துட்டான் போலிருக்கே!" செந்தில் பதில் சொல்ல வாயெடுக்கிறார். அதுக்குள்ள பாட்டி எட்டிப் பார்த்து, பொக்கை வாயால ஒரு சிரிப்பு: "மறக்கலை. நம்ம வித்யா அனுப்பியிருக்கா."

*38-ல இருந்து 54 வரை.* தெருவுல செந்தில் பையைத் திறக்கிறார். கடைசி சீட்டைப் படிக்கிறார். நமக்குக் காட்டலை. முகத்துல குழப்பம். அடுத்த ஷாட், உறையூர்ல ஒரு சின்ன வீட்டு வாசல். குட்டிப் பொண்ணு ஓடி வர்றா: "அப்பா!" பாக்ஸை வாங்கித் திறக்கிறா: "ஐ... ஜாங்கிரி!" மனைவி: "யாருங்க கொடுத்தா?" செந்தில் பதில் சொல்லலை. இப்பதான் கையில இருக்கிற சீட்டு நமக்குத் தெரியுது: 'இதுதான் கடைசி டெலிவரி. கடைக்குத் திரும்பி வர வேண்டாம்.' செந்தில் ஹெல்மெட்டைக் கழட்டி சுவத்து ஆணியில மாட்டறார்.

*54-ல இருந்து 60 வரை.* பாக்ஸ், கயிறு, எழுதாத ஒரு வெள்ளைச் சீட்டு. கடை பேர். குரல்: "யாருக்குன்னு சொல்லுங்க. அவங்களுக்கேத்த மாதிரி கட்டித் தர்றோம்."

ஏன் இது நிக்குது?

மூணு வாசல்லயும் நடக்கிறது ஒரே விஷயம்தான். பாக்ஸைத் திறந்ததும் அனுப்பினது யாருன்னு தெரிஞ்சுடுது. பையனுக்கு லட்டைப் பார்த்துத் தெரியுது. பாட்டிக்கு முறுக்கு *இல்லாததை*ப் பார்த்துத் தெரியுது. முதல் வீட்டுல ஆட்டத்தோட விதியை நாம கத்துக்கறோம். ரெண்டாவது வீட்டுல அது ஆழமாகுது. மூணாவது வீட்டுல அதே விதி ரைடர் மேலயே திரும்புது. தன் பொண்ணுக்கு ஜாங்கிரி பிடிக்கும்ங்கறது, யாருக்கும் தெரியாதுன்னு அவர் நினைச்சிருந்த விஷயம்.

மொத்தக் கதையும் அந்த 8 நொடியில நட்டு வெச்ச ரெண்டு விதையை நம்பித்தான் இருக்கு. ஒண்ணு ஜாங்கிரிப் பார்வை, இன்னொண்ணு 'மேல இருந்து வரிசையா'ங்கற வசனம். பாக்ஸை அடுக்கித்தான் கொண்டு போக முடியும், கீழ இருக்கிற சீட்டு கடைசி வரைக்கும் கண்ணுல படாது. அதனாலதான் தன் வீட்டு அட்ரஸ் அவருக்கு முன்னாடியே தெரியலை. இந்த வசனத்தை நீளம் குறைக்கறேன்னு வெட்டினீங்கன்னா, 'பேக் பண்ணும்போதே பார்த்திருப்பானே?'ன்னு முதல் பெஞ்ச்ல ஒருத்தன் கையைத் தூக்குவான்.

கேள்வி வந்ததே, 'நீ அவருக்கு என்ன பண்ணினே?'ன்னு? பதில் அந்தச் சீட்டுல இருக்கு. முதலாளி கொடுத்தது ஸ்வீட் மட்டும் இல்லை, அந்த ராத்திரியையும் கொடுத்தார்.

எடுக்கும்போது காலை வாரும் இடங்கள்

ஹெல்மெட். ரைடர் ஓட்டுற ஒவ்வொரு ஷாட்லயும் அது தலையில இருந்தே ஆகணும். முகம் தெரியலையேன்னு கழட்டச் சொல்லாதீங்க. நம்ம கதையில முகம் வேண்டியது எல்லாமே வாசல்லதான், அங்கே கழட்டிக்கலாம். ஓட்டற ஷாட் ரெண்டு மூணு நொடி போதும். கடைசியா ஆணியில மாட்டும்போது, 'இன்னிக்கு வேலை முடிஞ்சுது'ன்னு அந்த ஹெல்மெட்டே சொல்லிடும். அட்ரஸ் காகிதச் சீட்டுல இருக்கறதால, ஓட்டிக்கிட்டே போனைப் பார்க்கிற தப்பான ஷாட்டும் தேவைப்படலை.

நிலா. தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும். முதல் நாள் சாயங்காலம் வானத்துல நிலா இருக்காது. அழகா இருக்கேன்னு பௌர்ணமி நிலாவுக்குக் கீழ பைக் போற ஷாட் வெச்சீங்கன்னா, ஊர்ப் பெரியவங்க முதல்ல பிடிக்கிறது அதைத்தான்.

வழி. தெப்பக்குளம், சிந்தாமணி, பாலம் தாண்டி ஸ்ரீரங்கம், திரும்பி உறையூர்னு போறது வண்டி ஓட்டுறவர் உண்மையிலேயே போகக்கூடிய வரிசை. காட்சி அழகுக்காக இதை மாத்திப் போட்டா, திருச்சிக்காரங்க கதையை விட்டுட்டு ரூட்டைத் திருத்த ஆரம்பிச்சுடுவாங்க. உங்க ஊர்ல எடுத்தா உங்க ஊர் வழியை முதல்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

பாக்ஸுக்குள்ள. ஜாங்கிரியில பாகு ஊறும். அதை முறுக்கு, மிக்சரோட ஒட்டி வெச்சா காரம் நமத்துப் போகும். எந்தக் கடைக்காரரும் அப்படிக் கட்ட மாட்டார். நீங்க கட்டினா கடைக்காரரே சிரிப்பார். லைட்டு சூட்டுல நெய் ஸ்வீட் சீக்கிரம் வேர்க்கும், ஜாங்கிரி பளபளப்பு போகும். அதனால க்ளோஸ்-அப்புக்குன்னு நல்லதா நாலஞ்சைத் தனியா மூடி வெச்சு, லைட் செட் ஆன பிறகு கடைசியா எடுத்து வைங்க. அதுவரைக்கும் ஃபோகஸ் பார்க்க உடைஞ்ச துண்டு போதும். முக்கியமா, டீம்ல யார் பசியோட இருக்காங்கன்னு கண்காணிங்க!

இன்னொரு ஜாக்கிரதை, 'ஒரு மாசம் ஆனாலும் கெடாது', 'சர்க்கரை உள்ளவங்களும் சாப்பிடலாம்' மாதிரி வசனத்தை உணர்ச்சி வேகத்துல எழுதிடாதீங்க. பாக்கெட்ல போடாம சில்லறையா விக்கிற ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு கடையில எழுதி வைக்கணும்னு 2020 அக்டோபர் 1-ல இருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டு வந்துச்சு. கடையில ஒரு தேதி, விளம்பரத்துல ஒரு தேதின்னு இருந்தா மாட்டிக்கப் போறது கடைக்காரர்.

30 நொடிக்கு வெட்டச் சொன்னா?

நிச்சயம் சொல்வாங்க. டிவியில விளம்பரத்துக்கு 10 நொடிக் கணக்குலதான் காசு. 60 நொடின்னா ஆறு பங்கு. உள்ளூர்க் கடைக்கு அது கட்டுப்படி ஆகாது. அதனால பெரும்பாலும் முழுக்கதை நெட்டுலயும் தியேட்டர்லயும் ஓடும், டிவிக்குச் சின்ன வெட்டு போகும்.

இங்கே மூணு வீட்டையும் பத்துப் பத்து நொடியா நறுக்கினீங்கன்னா எதுவுமே மனசுல ஒட்டாது. ஸ்ரீரங்கம் வீட்டை மட்டும் எடுத்துக்குங்க. சீட்டு க்ளோஸ்-அப், கதவைத் தட்டறது, தாத்தா சத்தம், பாட்டி சிரிப்பு, கடை பேர். முழுசா வந்துடும். செந்தில் வீட்டுக் கதையை மட்டும் தனியா எடுக்க முடியாது. ஏன்னா முதல் ரெண்டு வீடு இல்லைன்னா அந்தத் திருப்பத்துக்கு அர்த்தமே இல்லை. எந்தத் துண்டு தனியா நிக்கும், எது நிக்காதுன்னு எழுதும்போதே தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

குரல் பதிவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தமிழை அவசரமில்லாம வாசிச்சா 30 நொடியில ஏறக்குறைய 50 வார்த்தைதான் அடங்கும். நம்ம வார்த்தைங்க நீளம் அப்படி! கையில வாட்சை வெச்சுக்கிட்டு சத்தமா வாசிச்சுப் பாருங்க. மனசுக்குள்ள வாசிச்சா எல்லாமே அடங்கற மாதிரிதான் தெரியும். நம்ம கதையில கடைசிக் குரல் ஆறே வார்த்தை. அதுக்கு முன்னாடி குரலே கிடையாது. சீட்டுல இருக்கிறதை திரும்பக் குரல்ல படிக்காதீங்க. எழுத்து ஸ்க்ரீன்ல ரெண்டு மூணு நொடி நின்னா பார்க்கிறவங்களே படிச்சுக்குவாங்க.

'உறவுகளை இணைக்கும் இனிப்பு'ங்கற வரியை ஏன் தூக்கினோம்னு கேக்கறீங்களா? அதை எந்தக் கடையும் சொல்லலாம், பால் பாக்கெட் கம்பெனி கூட சொல்லலாம். 'அவங்களுக்கேத்த மாதிரி கட்டித் தர்றோம்'ங்கறது ஒரு வாக்கு. போய்க் கேட்டா கடைக்காரர் கட்டித் தரணும்.

கடைசியா ஒரு கேள்வி

போட்டி முடிஞ்சு, உண்மையிலேயே ஒரு கடைக்காரர் இந்தக் கதையை எடுக்கச் சொல்றார்னு வைங்க. கேமராவைத் தூக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. "சார், கஸ்டமர் கேட்டா நிஜமாவே பாக்ஸை மாத்திக் கட்டித் தர்றீங்களா?" இது முதல் கேள்வி. கூட்டம் நெரியற அன்னிக்கு 'அதெல்லாம் முடியாதுப்பா, ரெடிமேட் பாக்ஸ்தான்'னு சொன்னார்னா இந்தக் கதை அவருக்கு வேண்டாம். வேற பிடி தேடுங்க.

ரெண்டாவது கேள்விதான் கஷ்டம். "தீபாவளிக்கு முதல் நாள் உங்க டெலிவரிப் பசங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறாங்க?"

'ராத்திரி பதினொண்ணு, பன்னெண்டு ஆகும்'னு சொல்லிட்டு அவர் சாதாரணமா சிரிச்சார்னா, அந்தக் கடைசிச் சீட்டைப் படம் பிடிக்காதீங்க. விளம்பரம் ஓடற அதே ராத்திரி, அதே கடையோட ரைடர் ஒருத்தர் பாலத்து மேல பத்தாவது பாக்ஸோட போய்க்கிட்டிருப்பார். அவர் வீட்டு டிவியில, அவர் பொண்ணு, 'திரும்பி வர வேண்டாம்'ங்கற சீட்டைப் பார்த்துக்கிட்டிருப்பா.

ஆனா அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "ஏழு மணிக்கு அனுப்பிடலாமா தம்பி? ஆர்டரை நாலு மணியோட நிறுத்திக்கலாம்"னு சொன்னார்னா... நீங்க எழுதினது விளம்பரம் மட்டும் இல்லை பாஸ். உடனே போய் லைட்டை செட் பண்ணுங்க!